எனக்கு மட்டும் கேட்ட என் குரல்

கனவில் நான் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். செத்துப்போய் ஆவியாக நின்றிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். யாராவது அழுதிருப்பார்கள். என் கனவில் ஒருவரும் அழவில்லை. மகள் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். கணவர் ரசத்தில் உப்பு கம்மி என்றார். நான் நடுவில் நின்று, உப்பு அங்கேதான் இருக்கிறது, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மகள் எழுந்து வந்து, நான் நின்ற இடத்தின் வழியாகவே நடந்து போய் உப்பை எடுத்தாள்.

கனவு அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. சத்தம் போட்டுக் கூப்பிடப் பார்ப்பேன். தொண்டை நரம்பெல்லாம் புடைக்கிற மாதிரி இருக்கும், வாயிலிருந்து வெறும் காற்று வரும். கையை ஓங்கி மேஜையில் அடிப்பேன், பஞ்சில் அடித்த மாதிரி இருக்கும். இன்னும் பலமாகக் கத்தும்போது முழிப்பு வந்துவிடும். முழித்த பிறகும் சில வினாடிகள் கை கால் அசையாது. மின்விசிறி சுற்றுவது தெரியும், வெளியே ஆட்டோ போவது கேட்கும், விரல்கூட நகராது.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில்தான் நடக்கும். மற்ற நாட்களில் தூங்க ஏது நேரம்? நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பட்டாசுப் பெட்டிகளும் லேபிள்களும் அச்சடிக்கிற கம்பெனி. வீடு விருதுநகரில். காலையில் நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, திருத்தங்கல் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பதினோரு வருஷமாக இதுதான். பிழை திருத்துகிறவர் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பிழை தப்பிவிட்டால் மாடியில் இருக்கிற முதலாளிவரைக்கும் தெரியும்.

என் கணவருக்குப் பருப்பு மண்டியில் வேலை. மூட்டை இறக்குகிற சத்தத்தில் பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார். நல்ல மனிதர். நான் தூக்கத்தில் முனகுவதை முதலில் கவனித்தவர் அவர்தான். "ம்ம்... ம்ம்னு ஒரே சத்தமா இருந்துச்சு. கொசு கடிக்குதுபோலன்னு கொசுவத்தி கொளுத்தி வச்சேன்" என்றார்.

கனவில் நான் உயிரைக் கொடுத்துக் கத்தியது வெளியே அவ்வளவுதான் கேட்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தைக் கேட்டதும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அது அமுக்குவான் பேயி. தலைமாட்டுல இரும்பு வச்சுப் படுங்க." பாக்குவெட்டியை வைத்துப் படுத்தேன். கனவில் மகள் அந்தப் பாக்குவெட்டியைத் தாண்டியும் நடந்து போனாள்.

தொண்டையில்தான் ஏதோ கோளாறு என்று கணவர் முடிவு செய்தார். ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கின்மேல் ஒரு தட்டையான கரண்டியை வைத்து அழுத்தினார். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரமா இருக்கும் சார்."

ஒரு வருஷமாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு வேண்டும், நாக்கு டாக்டரிடம் இருந்தது. "ஆ ஆ" என்றேன்.

"வலிக்குதாம்" என்று கணவர் மொழிபெயர்த்தார்.

கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பிட வேண்டுமா, பின்னால் சாப்பிட வேண்டுமா என்பதைக்கூட என் கணவரிடம்தான் சொன்னார். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது கணவர் சந்தோஷமாக இருந்தார். "நல்ல டாக்டர். பொறுமையா எல்லாத்தையும் கேட்டாரு, பாத்தியா?" என்றார்.

அடுத்த மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனேன். சொல்லாமல் போனேன் என்பதுகூட மிகை. காலையில் சொன்னேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட ஒரு எட்டு வயது கூட இருக்கும். என்னைப் பார்த்துப் பேசினார். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது, கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துச் சமாளித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கனவு வர்ற தூக்கத்துல மூளை உடம்பைப் பூட்டி வச்சிருக்கும் அம்மா. கண்ணு அசையும், மூச்சு ஓடும். மத்தபடி கை, கால், தொண்டை எல்லாம் தளந்து கிடக்கும். இல்லேன்னா கனவுல ஓடுறவங்க நெசமாவே எந்திரிச்சு ஓடிருவாங்கள்ல? நீங்க கத்தணும்னு மூளை சொல்லுது. உடம்பு செய்யலை. அதான் குரல் வராத மாதிரி கனவுலயும் தெரியுது. சில சமயம் மூளை முதல்ல முழிச்சிரும், பூட்டு கழலக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்துலதான் கை கால் அசையாம இருக்கு. ஆபத்தில்லை."

"ஞாயித்துக்கிழம மட்டும் ஏன் டாக்டர்?"

"வாரம் பூரா அஞ்சு மணி நேரம்தான் தூங்குறீங்க. விடிகாலைத் தூக்கத்துலதான் கனவு ஜாஸ்தி. அதை நாலரைக்கே வெட்டிடுறீங்க. ஞாயித்துக்கிழமை மதியம் படுத்ததும் உடம்பு அதைப் பிடிச்சுக்குது. மல்லாந்து படுத்தா இன்னும் ஜாஸ்தியா வரும். ஒருக்களிச்சுப் படுங்க."

"யாருக்குமே நான் தெரிய மாட்டேங்கறேனே, அது?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது பூட்டு இல்ல. அது நீங்க பகல்ல கொண்டுவந்து உள்ள வச்சது. கனவு புதுசா எதையும் சொல்லாதும்மா. பகல்ல பாதியில விட்டதை எடுத்து ஓட்டிப் பாக்கும், அவ்வளவுதான்." ஒரு நோட்டு போடச் சொன்னார். இடது பக்கம் கனவு. வலது பக்கம், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று. இரண்டு மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

எழுதுவது எனக்குச் சிரமமில்லை. முழித்த உடனே எழுத வேண்டும், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் பாதி மறந்துவிடும் என்று பழகப் பழகத் தெரிந்தது. இடது பக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது. சாப்பாட்டு மேஜை, உப்பு, சில நாள் உப்புக்குப் பதில் ஊறுகாய். வலது பக்கம் என் புகார்களால் நிறைந்தது. நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பலாம் என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை. மகளிடம் அவள் காலேஜ் விடுதிக் கட்டிலுக்குப் புதுப் போர்வை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னேன், பழையதையே கொண்டுபோனாள். முதுகு வலிக்கிறது என்று சொன்னேன், கணவர் ம் என்றார்.

இரண்டு மாதம் கழித்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த ஒரு நாள், அந்த நோட்டைப் புரூப் படிப்பது போலப் படித்தேன். எழுதியது நான் என்பதை மறந்துவிட்டுப் படித்தேன். "சொன்னேன்" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். யாரிடம் சொன்னாய்? எங்கே நின்று சொன்னாய்?

வளைகாப்பு விஷயத்தைக் குளியலறைக் கதவிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே கணவர் குளித்துக்கொண்டிருந்தார். போர்வை விஷயத்தை, மகள் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தபோது, அவள் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். முதுகு வலியைச் சொன்னபோது கணவர் எதிரில்தான் இருந்தார், டிவி சத்தமும் இல்லை. அந்த ஒரு "ம்" மட்டும் நியாயமாக என் கணக்கில் நின்றது. மீதியெல்லாம் ஒருத்தி முணுமுணுத்துவிட்டு, கேட்கவில்லை என்று தீர்ப்பும் எழுதிக்கொண்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அதே சமயம் கோபமும் போகவில்லை. பல வருஷம் எதிரில் நின்று சொல்லிப் பார்த்து, பலன் இல்லாமல்தானே கதவுக்கும் மிக்ஸிக்கும் வந்து சேர்ந்தேன்?

எது உண்மை என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை, நானாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மகள் அந்த வாரம் விடுதியிலிருந்து வந்திருந்தாள். "அம்மா, என் சார்ஜர் எங்க?" என்றாள். கையைக் காட்டினேன். கணவர் மண்டியில் லாரிக்காரர் ஒருவர் செய்த அழிச்சாட்டியத்தை நீளமாகச் சொன்னார். நான் ம் என்றேன். "அவன் செஞ்சது சரியா, நீயே சொல்லு" என்றார். தலையை ஆட்டினேன். "அதான் நானும் சொன்னேன்" என்றார். ஞாயிறு முழுக்க இப்படியே போனது. ஒருவரும், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். கணவர் ஸ்பீக்கரில் போட்டார். "என்ன செய்றீக எல்லாரும்?" என்று கேட்டதற்கு இவர் சொன்னார்: "சும்மா வீட்டுலதான் இருக்கோம்க்கா. பாப்பாவும் வந்திருக்கு. ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் உக்காந்து எல்லாரும் மனசுவிட்டுப் பேசிக்கிட்டு இருந்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பாக இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அச்சகத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

தீபாவளி ஆர்டர்கள் நெருக்கிக்கொண்டிருந்த சீசன். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் புஸ்வாணப் பெட்டி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை நான் பத்து நாள் முன்னாலேயே படித்து, திருத்தி, கையெழுத்துப் போட்டிருந்தேன். பிறகு கம்பெனியிலிருந்து பெட்டியின் அளவை மாற்றச் சொல்லி வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. டிசைன் செய்கிறவர் புது அளவுக்கு ஏற்ற மாதிரி இருந்த கம்பி மத்தாப்புப் பெட்டியின் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி, அச்சுப் பிளேட் போட அனுப்பிவிட்டார். அளவுதானே மாறியது என்று என்னிடம் திரும்ப அனுப்பவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில், மெஷினிலிருந்து வந்து விழுந்த தாளைச் சும்மா பார்த்தேன். சும்மா பார்ப்பது என்பது எங்கள் தொழிலில் கிடையாது, கண் தானாகப் படிக்கும். புஸ்வாணம் படத்துக்குக் கீழே, உபயோகிக்கும் முறை என்ற தலைப்பில் அச்சாகியிருந்தது: கையில் பிடித்துக் கொளுத்தவும்.

கம்பி மத்தாப்புக்கு அது சரி. புஸ்வாணத்தைத் தரையில் வைத்துத் தள்ளி நின்று பற்ற வைக்க வேண்டும். கையில் பிடித்தால் விரல்கள் மிஞ்சாது.

ஃபோர்மேன் அண்ணாச்சி அடுத்த மெஷின் பக்கம் குனிந்து மை பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "அண்ணாச்சி, அந்தப் பெட்டியில வாசகம் தப்பா இருக்கு." அவர் தலையை ஆட்டினார். என் மேஜைக்குத் திரும்பினேன். உட்கார்ந்த பிறகும் மெஷின் ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. திரும்பப் போனேன். "அண்ணாச்சி, நிப்பாட்டச் சொல்லுங்க." மறுபடியும் தலையை ஆட்டினார், என்னைப் பார்க்காமலே. அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பூராவும் நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒன்றும் காதில் விழாதவர்கள் ஆட்டுகிற தலை அது.

மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. கனவில் வருவது போலவே காற்று வந்தது. இது கனவுதானோ என்று ஒரு கணம் நினைத்தேன். கனவாக இருந்தால் கை அசையாது. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. மெஷின் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும், ஆபத்து நேரத்தில் நிறுத்துவதற்கு. பதினோரு வருஷத்தில் அதை யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

அந்த மாதிரி ஒரு அமைதியை நான் அந்தக் கட்டடத்தில் கேட்டதே இல்லை. பாதி அச்சான தாள்கள் உள்ளே சிக்கிக்கொண்டு நின்றன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி ஓடி வந்தார்.

"எவன்லே நிப்பாட்டுனது?" என்று எனக்குப் பின்னால் நின்ற மெஷின்காரரைப் பார்த்துக் கத்தினார். என் கை இன்னும் பட்டன்மேல் இருந்தது.

"நாந்தான் அண்ணாச்சி."

என் குரல் அந்த அமைதியில் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. எனக்கே கூச்சமாக இருந்தது. தாளை எடுத்து, புஸ்வாணம் என்று ஒரு தடவை, கையில் பிடித்துக் கொளுத்தவும் என்று ஒரு தடவை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசித்தேன். அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு தடவ சொன்னேன். தலைய ஆட்டுனீக."

அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "நாப்பது வருசமா இந்தச் சத்தத்துல நிக்கேன்மா. எனக்கு ஒரு காது போயி அஞ்சு வருசமாச்சு. வேலை போயிருமேன்னு யார்கிட்டயும் சொல்லல. வாயசைவ வச்சு ஓட்டுறேன். நீங்க இந்தப் பக்கமா நின்னு சொல்லிருக்கீக" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

முதலாளியின் மகன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றி மேடம். நேரத்துக்கு வந்தீங்க. நீங்க அந்தப் பட்டாசுக் கம்பெனியிலேர்ந்து வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. இங்கனதான் வேலை பாக்கேன். பதினோரு வருசமா."

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. மறுநாளிலிருந்து, அளவு மாறினாலும் நிறம் மாறினாலும் என் கையெழுத்து இல்லாமல் பிளேட் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மரியாதை என்ற பெயரில் வேலை இரட்டிப்பாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கப் போனேன், வாயை மூடிக்கொண்டேன். கூடத்துக்கு வந்து, கணவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தேன்.

"என்ன, எதுவும் பிரச்சனையா?" என்றார், பயந்துபோய்.

சொன்னேன். பெட்டி, பட்டன், அண்ணாச்சியின் காது எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு கனவையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயே திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். கடைசியில் சொன்னதுதான் அவரைத் தைத்துவிட்டது.

"நெசமாவா? ஒரு வார்த்த கூடவா பேசல?"

"ஒரு வார்த்த கூட."

நாற்காலியின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, மண்டிக் குரல் இல்லாமல், எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னார்: "எனக்கும் ஒரு கனா வரும். மண்டியில மூட்டையா அடுக்கிக் கெடக்கும். எந்த மூட்டை எங்க போகணும்னு சீட்டு இருக்கும். வாசிச்சா எழுத்து நிக்க மாட்டேங்கும். ஒருதடவ காரியாபட்டின்னு இருக்கும், திரும்பப் பாத்தா வேறென்னமோ இருக்கும். லாரிக்காரன் எல்லாம் சத்தம் போடுவான். நீ அங்கனயே ஒரு மேசையில உக்காந்து புரூப் படிச்சுக்கிட்டு இருப்ப. இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுன்னு உன்னையக் கூப்புடுவேன். நீ தலையவே தூக்க மாட்ட."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு வருசம் முன்னாடி. நீ ம் னு சொன்ன."

எனக்கு அப்படி ஒன்று ஞாபகத்தில் இல்லை. என்னிடம் தோற்கக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் அவர் கட்டிய கனவாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் எழுத்து நிற்காமல் மாறுகிறது என்பதைக் கற்பனை செய்து சொல்கிற ஆள் அவர் இல்லை. கனவில் எழுத்து அப்படித்தான் இருக்கும், ஒரு தடவை படித்தது மறு தடவை அங்கே இருக்காது. பிழை திருத்துகிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்கு அந்தக் கனவு முற்றாக நின்றுவிடவில்லை. சீசன் உச்சத்தில், தூக்கம் கெட்ட வாரங்களில், இப்போதும் வரும். ஆனால் ஒருக்களித்துப் படுக்கவும், காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கவும் ஆரம்பித்த பிறகு குறைந்திருக்கிறது. காலைக் காப்பியை அவர் போடுகிறார். கேவலமான காப்பி. நல்லா இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நேருக்கு நேர் உட்கார்ந்து, கேவலமாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. மறுநாளும் அதே மாதிரிதான் போடுகிறார்.

டிவியை அணைத்துவிட்டுப் பேசிய அன்றைக்கு ராத்திரி மகள் விடுதியிலிருந்து போன் செய்தபோது, நாங்கள் இன்னும் அந்த மூட்டைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். எந்த மூட்டை, என்ன பருப்பு, சீட்டு எந்த நிறம் என்று நான் கேட்கக் கேட்க அவர் யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன ரெண்டு பேரும், எத்தனை தடவை அடிக்கிறது, போனை எடுக்கவே மாட்டேங்கிறீங்க?" என்று மகள் கோபித்துக்கொண்டாள்.

"கேக்கலைத்தா" என்றார் அவர்.